25 நாள், 28 நாள், 105 நாள்: காவடிச் சட்டை டர்பன் வந்த கணக்கு

நான் தூத்துக்குடிக்காரன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக நகரில், வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் அலுவலகத்தில் வேலை. இந்தியாவிலிருந்து சரக்கு வரவழைக்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கடைக்காரர்கள், கோவில் சங்கங்கள், கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் என்று பலரும் எங்களிடம் வருவார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எத்தனை நாளில் வரும்?" அந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். திருப்பூர்க்காரர் ஒரு எண் சொல்வார், கப்பல் கம்பெனி இன்னொரு எண் சொல்லும். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் கூட்டினால் சரக்கு கைக்கு வரும் நாள் கிடைத்துவிடாது. சண்டை தொடங்குவதே அங்கேதான்.

ஒரு ஆர்டரை எடுத்து நாள் கணக்கோடு எழுதுகிறேன். 2026 தைப்பூசத்துக்காக ஒரு கோவில் சங்கம் காவடி எடுப்பவர்களுக்கு 1,200 டி-ஷர்ட் செய்யச் சொன்னது. மஞ்சள் துணி, முன்னால் வேல், பின்னால் கோவில் பெயர். சங்கச் செயலாளரே நேராகத் திருப்பூரில் ஒரு கம்பெனியைப் பிடித்து விலை பேசிவிட்டார். கொட்டேஷனில் "டெலிவரி 25 நாள்" என்று போட்டிருந்தார்கள். கப்பல் எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு 28 நாள் என்று பதில் வந்தது. 25-ம் 28-ம் 53. செப்டம்பர் 29 அன்று பேச்சு தொடங்கியது, அதிலிருந்து எண்ணினால் நவம்பர் 21. சரி, ஒரு வாரம் கூடவே போனாலும் நவம்பர் கடைசியில் கைக்கு வந்துவிடும் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஆளாளுக்குப் பணமும் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கிளியரிங்குக்காக எங்களிடம் வந்தார்.

காகிதங்களைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஜனவரி இரண்டாவது வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இங்கே நாங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், அவர் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "அப்படியானால் திருப்பூர்க்காரர் என்னிடம் பொய் சொல்லிவிட்டாரா?"

பொய் சொல்லவில்லை. அந்த 25 நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த 25-ஐப் பார்ப்போம். இது உற்பத்தி நேரம். இந்தக் கணக்கு ஆர்டர் பேசிய நாளில் தொடங்காது. டிசைன் முடிவாகி, சைஸ் வாரியாக எத்தனை என்ற பட்டியல் போய்ச் சேர்ந்து, துணியின் நிறத்துக்குச் சம்மதம் சொல்லி, முன்பணம் கம்பெனி கணக்கில் விழுந்த பிறகுதான் தொடங்கும். சங்கத்தில் யாருக்கு எந்த சைஸ் என்று சேகரிக்கவே நாள் பிடித்தது. அக்டோபர் 1, 2 தேதிகளில் திருப்பூரில் ஆயுத பூஜை, விஜயதசமி, அதனால் டிசைனுக்குப் பதில் வரவில்லை. முன்பணம் அனுப்ப இங்கே வங்கி, விற்பவர் முன்கூட்டியே தரும் விலைச்சீட்டான புரோஃபார்மா இன்வாய்ஸைக் கேட்டது, கொடுத்து, பணம் அங்கே போய்ச் சேர்ந்தது அக்டோபர் 9. இந்தப் பத்து நாளும் யாருடைய கணக்கிலும் இல்லை. கம்பெனிக்காரர் பார்வையில் ஆர்டர் இன்னும் வரவே இல்லை. செயலாளர் பார்வையில் பத்து நாள் ஓடிவிட்டது.

அப்புறம், திருப்பூரில் நாள் என்றால் வேலை நாள். ஞாயிறு கிடையாது. தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப அந்த வாரம் முழுக்கப் போய்விடும். ஆக அக்டோபர் 10-ல் தொடங்கிய 25 வேலை நாள், நவம்பர் 14 அன்றுதான் முடிந்தது. காலண்டரில் 36 நாள். கம்பெனி ஒரு நாள் கூடத் தாமதம் செய்யவில்லை. சொன்ன நாளுக்குள் சொன்ன வேலையை முடித்துவிட்டார்கள்.

இந்த 25 நாளும் தையலுக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1,200 சட்டை தைப்பது பெரிய வேலை இல்லை, நாலைந்து நாளில் முடித்துவிடலாம். ஏறக்குறைய 250 கிலோ துணி வேண்டும். அதை நிட்டிங் செய்து, சாயப்பட்டறைக்கு அனுப்பி, துணி பிறகு சுருங்காமல் இருக்கக் காம்பாக்டிங் முடித்து வாங்க வேண்டும். சாயப்பட்டறையில் பெரிய லாட்டுக்கு நடுவே இந்தச் சின்ன லாட் தன் முறைக்குக் காத்திருக்கும். பிரிண்டிங்கும் பெரும்பாலும் வெளியே ஜாப் ஒர்க்தான், அங்கேயும் முறை உண்டு. அதனால் "சட்டை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் பாதி நாளில் தருவீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை. குறைவது தையல் நேரம் மட்டும்தான். மஞ்சள் நிறத்தில் துணி ஏற்கெனவே ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டால், அதற்குப் பலன் உண்டு. ஸ்டாக் துணி கிடைத்தால் உற்பத்தி நேரம் உண்மையிலேயே குறையும்.

இனி, 25 நாள் எங்கே முடிகிறது? அட்டைப்பெட்டிகள் ஒட்டி, பேக்கிங் லிஸ்ட் போட்டு, கம்பெனி வாசலில் அடுக்கிய இடத்தில் முடிகிறது. கொட்டேஷனில் விலைக்குப் பக்கத்தில் "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி" என்று இருந்தது. சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று அதற்கு அர்த்தம். ஆக "டெலிவரி" என்று அவர் எழுதியது டர்பனில் கோவில் வாசலுக்கு வந்து தருவதை அல்ல. இந்த வரியைப் படித்துக் காட்டியதும் செயலாளர் நெடுநேரம் பேசவில்லை.

அடுத்தது கப்பலின் 28 நாள். இது பயண நேரம். கப்பல் கம்பெனி அட்டவணையில் இருக்கும் இந்த எண் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு மட்டும். தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும் நாளில் தொடங்கி டர்பனில் சேரும் நாளில் முடியும். ஏறுவதற்கு முன் காத்திருந்ததும் இறங்கிய பின் கிடந்ததும் இதில் சேராது. மதுரைக்குப் பஸ் மூன்று மணி நேரம் என்றால், பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தை யாரும் அதில் சேர்க்க மாட்டார்கள். கப்பலும் அப்படித்தான். ஆனால் இந்தப் பஸ் வாரத்துக்கு ஒன்றுதான் வரும்.

1,200 சட்டை என்பது இருபது பெட்டி. ஒரு கன மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தனி கன்டெய்னர் எடுக்க முடியாது. பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புபவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வாரம் ஒரு கன்டெய்னர் கட்டுவார். அதற்குச் சரக்கு வந்து சேர வேண்டிய கடைசி நாளாக ஒரு கட்-ஆஃப் வைத்திருப்பார். அந்தக் காலத்தில் அது வியாழக்கிழமை. நம் சரக்கு கம்பெனியில் தயாரானது நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி ஒரே ராத்திரியில் போய்விடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் முந்தின நாளே அந்த வாரக் கன்டெய்னருக்குக் கட்-ஆஃப் முடிந்தாயிற்று. அடுத்த கட்-ஆஃப் நவம்பர் 20. அதற்கப்புறம் சுங்கம், கன்டெய்னரில் ஏற்றுவது, துறைமுகத்துக்குள் கொண்டுபோவது எல்லாம் முடிந்து கப்பல் கிளம்பியது நவம்பர் 26. தயாரான சரக்கு 12 நாள் தரையில் கிடந்திருக்கிறது. உற்பத்தி நேரத்திலும் பயண நேரத்திலும் இந்த 12 நாளைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் இன்னொரு குழப்பமும் வந்தது. நவம்பர் 15 அன்று காலை திருப்பூர் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி எனக்கு ஃபோன் செய்தார்.

"அண்ணா, சரக்கு டிஸ்பேட்ச் ஆயிருச்சுங்க. கஸ்டமருக்குச் சொல்லிருங்க."

"லாரியில ஏறிடுச்சா, கப்பல்ல ஏறிடுச்சா தம்பி?"

"லாரிலதானுங்கண்ணா. கப்பலு அடுத்த வாரக் கடைசின்னு சொல்றாங்க."

"அப்போ கப்பல் ஏறின தேதியை பில் ஆஃப் லேடிங் வந்ததும் எனக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் டிஸ்பேட்ச்னு செயலாளருக்கு மெசேஜ் போட வேண்டாம்."

ஆனால் மெசேஜ் முன்பே போய்விட்டிருந்தது. செயலாளர் நவம்பர் 15-லிருந்து 28 நாள் எண்ணி, டிசம்பர் 13 என்று குறித்து வைத்துவிட்டார். டிஸ்பேட்ச் என்பது கம்பெனி வாசலைத் தாண்டியதற்குச் சொல்வது. பயண நேரத்தை அங்கிருந்து எண்ணக் கூடாது. கப்பலில் அனுப்பும் சரக்குக்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் "ஷிப்டு ஆன் போர்டு" என்று தேதி போட்டிருக்கும், அதிலிருந்துதான் எண்ண வேண்டும். சரக்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நான் மூன்றைக் கேட்பேன். பெட்டி எண்ணிக்கையோடு பேக்கிங் லிஸ்ட் வந்ததா? அப்படியானால் உற்பத்தி முடிந்தது. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் நம்பர் உண்டா? அப்படியானால் காகிதம் சுங்கத்துக்குப் போய்விட்டது. கப்பல் பெயரும் ஏறிய தேதியும் உண்டா? அப்படியானால் பயணம் தொடங்கிவிட்டது. "ரெடி", "போயிருச்சு", "வந்துட்டே இருக்கு" என்ற பதில்களை வைத்து நான் யாருக்கும் தேதி சொல்வதில்லை.

28 நாள் என்பதும் அட்டவணைதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், அங்கே வேறு கப்பலுக்கு மாறி வர வேண்டும். இணைப்புக் கப்பல் தள்ளிப்போனால் கன்டெய்னர் அங்கேயே காத்திருக்கும். டர்பனிலும் காற்று பலமாக அடித்தால் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள், கப்பல் வெளியே நிற்கும். 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் சட்டை வந்த கப்பல் டிசம்பர் 24 சேர வேண்டியது, நான்கு நாள் தள்ளி டிசம்பர் 28 சேர்ந்தது.

கப்பல் சேர்ந்தது என்றதும் செயலாளர் வண்டி எடுத்துக்கொண்டு வரத் தயாரானார். பலரும் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். கூட்டுச் சரக்காக வந்த கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து டிப்போவுக்குக் கொண்டுபோய், பிரித்து, ஒவ்வொருவர் பெட்டியையும் எண்ணி வைத்த பிறகுதான் வெளியே எடுக்க முடியும். சாதாரண நாளில் இதற்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். சுங்கக் காகிதத்தை நாங்கள் கப்பல் வருவதற்கு முன்பே போட்டுவிடுவோம், அதனால் அதற்குத் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் துணிமணிக்கு இங்கே 45 சதவீதம் தீர்வை, மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறார்களா என்று கூர்ந்து பார்ப்பார்கள். நிறுத்திச் சோதித்தால் இன்னும் சில நாள் போகும்.

இதெல்லாம் சாதாரண மாதத்தில். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை தென்னாப்பிரிக்காவில் பாதி ஊர் விடுமுறையில் இருக்கும். துறைமுகம் ஓடும், ஆனால் டிப்போ, லாரிக்காரர், கிடங்கு எல்லாம் குறைந்த ஆட்களோடு இருக்கும், சிலது பூட்டியே கிடக்கும். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 அரசு விடுமுறை. நம் கன்டெய்னரை டிப்போவில் பிரிக்கத் தொடங்கியது ஜனவரி 5. சுங்கம் நிறுத்தவில்லை. இருபது பெட்டியும் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது ஜனவரி 12, திங்கட்கிழமை.

இப்போது கூட்டிப் பாருங்கள். முடிவு செய்யவும் பணம் அனுப்பவும் 10 நாள். உற்பத்தி 36. கப்பலுக்குக் காத்திருந்தது 12. கடல் 32. டர்பனில் இறங்கிக் கைக்கு வர 15. மொத்தம் 105 நாள். மொத்த லீட் டைம் என்று சொல்வது இதைத்தான். ஆர்டர் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பெட்டியைக் கையில் வாங்கும் நாள் வரை. யாரும் ஏமாற்றவில்லை, கப்பலின் நான்கு நாளைத் தவிர எதுவும் தாமதமும் இல்லை. அப்படி இருந்தும் 53 நாள் என்று நினைத்தது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. எண்கள் தப்பில்லை. எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை யாரும் எழுதித் தரவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்த நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக ஏறுவதில்லை, படிக்கட்டு மாதிரிதான் ஏறும். கம்பெனி இரண்டு நாள் முந்தி, நவம்பர் 12-ல் முடித்திருந்தால் வியாழக்கிழமைக் கட்-ஆஃப் பிடித்து ஒரு வாரம் முந்திய கப்பலில் போயிருக்கும். அதாவது அங்கே இரண்டு நாளின் விலை ஒரு வாரம். ஆனால் அந்தக் கப்பல் டர்பன் சேர்வது டிசம்பர் 17 வாக்கில். டிப்போ விடுமுறைக்கு முன் பிரித்துவிடுவார்கள் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். பெரும்பாலும் அதுவும் ஜனவரியில்தான் கைக்கு வந்திருக்கும். அதே மாதிரி, கப்பல் நான்கு நாள் தள்ளிப்போனதும் கடைசித் தேதியை ஒன்றும் செய்யவில்லை. 24-ல் வந்திருந்தாலும் டிப்போவில் பிரிக்கத் தொடங்கியிருப்பது அதே ஜனவரி 5-தான். அதனால் "உற்பத்தியை மூன்று நாள் வேகப்படுத்தித் தருகிறோம், கொஞ்சம் கூடக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த மூன்று நாள் எந்தக் கட்-ஆஃபைப் பிடிக்க உதவுகிறது என்று முதலில் கேளுங்கள். எதையும் பிடிக்காது என்றால் அந்தப் பணம் வீண்.

விமானத்திலும் இதே கதைதான். டிசம்பரில் செயலாளர் பதறிப்போய், "நூறு சட்டையையாவது புதிதாகத் தைத்து விமானத்தில் அனுப்பச் சொல்லலாமா, மூன்று நாள்தானே" என்று கேட்டார். மூன்று நாள் என்பது விமானம் பறந்து, நடுவே மாறி, இங்கே இறங்கும் நேரம். திருப்பூரில் அந்த நூறு சட்டைக்கும் சாயப்பட்டறை முறை உண்டு, புக்கிங், இரண்டு பக்கத்துச் சுங்கம் எல்லாம் உண்டு. தைப்பூசம் பிப்ரவரி 1, கப்பல் சரக்கு அதற்குள் நிச்சயம் வந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது சட்டை அல்ல, உறுப்பினர்களுக்குச் சொல்ல ஒரு சரியான தேதி.

அந்தத் தேதியை எப்படி எழுதுவது என்று அவருக்கு ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தேன். இப்போது எங்களிடம் வருகிறவர்களுக்கும் அதையே கொடுக்கிறேன்:

"சைஸ் பட்டியலும் முன்பணமும் அக்டோபர் 9-க்குள் போய்ச் சேர்ந்தால், உற்பத்தி நவம்பர் 14 அன்று முடியும். கப்பல் நவம்பர் 26 கிளம்பும், டிசம்பர் கடைசியில் டர்பன் சேரும். விடுமுறைக்குப் பின் பிரித்து, ஜனவரி 16-க்குள் கோவிலில் கிடைக்கும். பட்டியல் ஒரு வாரம் தாமதமானால் கடைசித் தேதியும் மாறும், மாறிய தேதியை அப்போது சொல்வோம்."

நாள் எண்ணிக்கைக்குப் பதிலாக இதில் தேதி இருக்கிறது. 25 நாள் என்றால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான இடத்திலிருந்து எண்ணுவார்கள், நவம்பர் 14 என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்னொன்று, "25-லிருந்து 32 நாள்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் 25 மட்டும்தான் தங்கும். அதனால் கடைசித் தேதியை மட்டும் சொல்வேன். கூடுதலாக வைத்திருக்கும் நாட்களை உற்பத்திக்குள் ஒளித்து வைக்க மாட்டேன், டர்பன் பக்கத்தில்தான் வெளிப்படையாக வைப்பேன். உற்பத்திக்குள் ஒளித்தால் கம்பெனிக்காரருக்கு அது தெரிந்துவிடும், அவரே எடுத்துக்கொள்வார்.

அடுத்த தைப்பூசம் 2027 ஜனவரி 22. பத்து நாள் முன்னதாக வருகிறது. இதே மாதிரி ஜனவரி 12-ல் வந்தால் பங்கிட்டுக் கொடுக்கவே நேரம் போதாது, சுங்கம் நிறுத்தினால் அவ்வளவுதான். அதனால் இந்த முறை விடுமுறைக்கு முன்பே கைக்கு வர வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணினோம். டிசம்பர் 4 கோவிலில் இருக்க வேண்டும் என்றால், கப்பல் நவம்பர் 24-க்குள் டர்பன் சேர வேண்டும். 28 நாளோடு ஒரு வாரம் சேர்த்தால் தூத்துக்குடியில் அக்டோபர் 20-க்குள் கிளம்ப வேண்டும். அதற்குச் சரக்கு அக்டோபர் 9 அன்று கம்பெனியில் தயார். 25 வேலை நாளைப் பின்னோக்கி எண்ணி, விநாயகர் சதுர்த்தியையும் காந்தி ஜெயந்தியையும் கழித்தால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பட்டியலும் பணமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தீபாவளி 2026-ல் நவம்பர் 8, அதற்கு முன்பே சரக்கு கடலில் இருக்கும். சைஸ் பட்டியலை ஆகஸ்ட் 15-க்குள் மூடிவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பெயர் கொடுப்பவர்களுக்குக் கைவசம் இருக்கும் சைஸ்தான்.